காற்று பலமா வீசுது, துணி மட்டும் காயலையே... ஏன்?

2025-ஆம் ஆண்டு ஜனவரி 10, 11 தேதிகள் ஜொகூரில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். விடாத மழை. கோத்தா திங்கி, ஜொகூர் பாரு உட்படப் பல இடங்களில் வெள்ளம். ஆயிரக்கணக்கானோர் நிவாரண மையங்களுக்குப் போனார்கள். நீரிணைக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரின் சாங்கியில், அந்த இரண்டு நாள்களில் மட்டும் 255.2 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஜனவரி மாதம் முழுவதும் அங்கு வழக்கமாகப் பெய்யும் மழையைவிட அது அதிகம்.

வெள்ளம் வராத வீடுகளிலும் ஒரு சின்னத் தொல்லை இருந்தது: துணி காயவில்லை. பள்ளி நாளோ, வேலை நாளோ, சட்டை நாளைக்கு வேண்டும். அதுவோ கொடியில் இரண்டாவது நாளாகத் தொங்குகிறது.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. அந்த நாள்களில் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. வடகிழக்கிலிருந்து திடீரென வேகமெடுத்து வரும் காற்றுதான் அந்த மழையைக் கொண்டுவந்தது. வானிலை ஆய்வாளர்கள் அதை ‘மான்சூன் சர்ஜ்’ என்கிறார்கள். காற்று அடிச்சா துணி சீக்கிரம் காயும்னுதானே நம்ம வீட்டுல சொல்லிக் கொடுத்திருக்காங்க? அப்போ ஏன் காயல?

பாட்டி சொன்னது தப்பில்லை. ஆனால் அது பாதிக் கதைதான்.

துணிக்குப் பக்கத்துல என்ன நடக்குது?

ஈரத் துணியிலிருந்து நீர் மூலக்கூறுகள் ஓயாமல் கிளம்பிக் காற்றுக்குள் போகின்றன. அதே நேரத்தில் காற்றில் இருக்கும் நீராவியிலிருந்து சில மூலக்கூறுகள் திரும்பி வந்து துணியிலேயே ஒட்டிக்கொள்கின்றன. போவது அதிகமாகவும் வருவது குறைவாகவும் இருந்தால் துணி காய்கிறது. இரண்டும் சமமாகிவிட்டால், எவ்வளவு நேரம் தொங்கவிட்டாலும் துணி அப்படியேதான் இருக்கும்.

காற்றே இல்லாத இடத்தில் ஒரு சட்டையைத் தொங்கவிட்டதாக வச்சுக்கோங்க. சட்டையை ஒட்டி சில மில்லிமீட்டர் தடிமனுக்கு ஓர் அசையாத காற்றுப் படலம் நிற்கும். துணியை விட்டுக் கிளம்பும் நீராவி முதலில் அதற்குள்தான் நுழைகிறது. சீக்கிரமே அந்தப் படலம் நீராவியால் நிறைந்துவிடும். பிறகு உள்ளே இருப்பது மெல்ல மெல்லக் கசிந்து வெளியே போனால்தான் அடுத்ததற்கு இடம். ஜன நெரிசலான ‘எல்ஆர்டி’ ரயில் மாதிரி, உள்ளே இருப்பவர் இறங்காமல் வெளியே நிற்பவர் ஏற முடியாது.

காற்று வீசும்போது அந்தப் படலம் மெலிந்துவிடுகிறது. நீராவி கடக்க வேண்டிய தூரம் குறைவதால் வேகம் கூடுகிறது. கிளம்பிய நீராவியும் அங்கேயே சுற்றாமல் அடித்துச் செல்லப்படுகிறது.

காற்று இன்னொரு வேலையும் செய்கிறது. அதைப் பலரும் யோசிப்பதில்லை. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோவாட் மின்கெண்டியை 40 நிமிடம் ஓடவிட்டால் செலவாகும் ஆற்றல் அது. கொடியில் தொங்கும் துணிக்கு அந்த வெப்பத்தை யார் கொடுப்பது? வெயில் இருந்தால் வெயில் கொடுக்கும். நிழலில் என்றால் சுற்றியுள்ள காற்றுதான் கொடுக்க வேண்டும். வெப்பத்தைக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்துபோன காற்று நகர்ந்து, புதுக் காற்று வந்துகொண்டே இருந்தால்தான் வேலை தொடரும்.

ஆனால் காற்றின் வேகம் இரட்டிப்பானால் துணி இரண்டு மடங்கு வேகத்தில் காய்ந்துவிடாது. கொடியில் தொங்கும் துணிக்குத் தோராயமான கணக்கு இது: காற்று நான்கு மடங்கு வேகமானால், காயும் வேகம் இரண்டு மடங்காகும். அசைவே இல்லாத இடத்தில் ஒரு சின்ன மின்விசிறி வைத்தால் பெரிய மாற்றம் தெரியும். ஏற்கெனவே நல்ல காற்று வரும் இடத்தில் இன்னொரு விசிறி வைத்தால் அந்த அளவுக்குத் தெரியாது.

காற்றில் இடம் இருக்கா?

1802-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் டால்டன் இதற்கு ஒரு விதி சொன்னார். நீர் ஆவியாகும் வேகத்தைத் தீர்மானிப்பது ஒரு வித்தியாசம். ஈரப் பரப்பை ஒட்டிய காற்றில் எவ்வளவு நீராவி இருக்க முடியும், சுற்றியுள்ள காற்றில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது, இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அது. காற்றின் வேகம் அந்த இடைவெளியைப் பெருக்கித் தரும். இடைவெளியே இல்லை என்றால், பெருக்கி என்ன பயன்? பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

இப்போது ஜொகூருக்கு வருவோம். மழையில்லாத ஒரு நாள், பிற்பகல் இரண்டு மணி. வெப்பநிலை 32 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 விழுக்காடு. இங்கே சாதாரணமாகப் பார்க்கக்கூடிய நிலைதான். 32 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் சுமார் 33.8 கிராம் நீராவி இருக்க முடியும். அதில் 60 விழுக்காடு, அதாவது 20.3 கிராம், ஏற்கெனவே இருக்கிறது. மீதி இடம் 13.5 கிராம்.

அடுத்து, விடாமல் மழை பெய்யும் ஒரு பருவமழை நாள். வெப்பநிலை 24 டிகிரி, ஈரப்பதம் 95 விழுக்காடு. 24 டிகிரியில் ஒரு கன மீட்டரில் அதிகபட்சம் இருக்கக்கூடியது 21.8 கிராம்தான். இருப்பது 20.7 கிராம். மீதி இடம் வெறும் 1.1 கிராம்.

இரண்டு எண்களை மட்டும் திரும்பப் பாருங்க: 20.3, 20.7. வெயில் நாளிலும் மழை நாளிலும் காற்றில் உள்ள நீராவி ஏறக்குறைய ஒரே அளவு! மழை நாளில் காற்றுக்குள் திடீரென நிறையத் தண்ணீர் வந்துவிடவில்லை. காற்று குளிர்ந்துவிட்டது. அதனால் இருக்கக்கூடிய நீராவியின் உச்ச அளவு சுருங்கிவிட்டது. அதே தண்ணீர் இப்போது உச்சத்தைத் தொடுகிறது. கைப்பேசியில் ‘ஈரப்பதம் 95 விழுக்காடு’ என்று பார்க்கும்போது பலர் காற்றில் 95 விழுக்காடு தண்ணீர் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். அது ‘எவ்வளவு நிறைந்திருக்கிறது’ என்ற அளவுதான்.

சரி, அந்த 13.5-ஐயும் 1.1-ஐயும் ஒப்பிட்டால் என்ன தெரிகிறது? பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். வெயில் நேரடியாகப் படாத கொடியில், பிற்பகலில் இரண்டு மணி நேரத்தில் காயும் மெல்லிய சட்டை, அதே அளவு காற்று வீசும் மழை நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். மழை நாளில் காற்று நான்கு மடங்கு பலமாக வீசுகிறது என்றே வைத்துக்கொள்வோம். இருபது பத்தாகும். அப்போதும் ஒரு பகல் போதாது. ஜனவரிப் புதிருக்கு விடை இதுதான்: பெருக்க ஆள் இருந்தது, பெருக்குவதற்கு ஒன்றும் இல்லை.

இதே வடகிழக்குக் காற்று பிப்ரவரியில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பருவமழையின் பிற்பகுதியில் தென் ஜொகூரில் மழை குறைந்து, வெயிலும் காற்றும் சேர்ந்து வரும் நாள்கள் உண்டு. 2014 பிப்ரவரியில் அது உச்சத்துக்குப் போனது. சாங்கியில் அந்த மாதம் முழுவதும் ஒரு மில்லிமீட்டர் மழைகூடப் பதிவாகவில்லை. புல்லெல்லாம் பழுப்பாகிப்போன அந்த மாதத்தில் துணி காயப்போட்டவர்கள் யாரும் புகார் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயம். 24 டிகிரி, 95 விழுக்காடு என்பது மழை நாளுக்கு மட்டும் உரியதல்ல. சாதாரண நாளில் விடியற்காலை ஆறு மணிக்கும் ஜொகூரில் கிட்டத்தட்ட அதே நிலைதான். இரவு பத்து மணிக்குத் துவைத்து வெளியே தொங்கவிட்டுவிட்டு, ‘ராத்திரி முழுக்கக் காயுமே’ என்று நினைத்தால், பெரும்பாலும் ஏமாற்றம்தான். வெயில் ஏறி, காற்று சூடாகி, இடம் பிறந்த பிறகு, காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மழைக்கு முன்னால் வரை கிடைக்கும் நான்கு மணி நேரம் அந்த முழு இரவையும்விட மதிப்புள்ளது.

அறைக்குள்ள காயப்போட்டா?

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் வேறு வழி இல்லை. படுக்கையறையில் மடக்குக் கொடியை விரித்து, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டுவிடுவோம். மாசாயிலோ ஸ்கூடாயிலோ எந்த ஃபிளாட்டுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். இது எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

அறை 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம். கொள்ளளவு சுமார் 24 கன மீட்டர். உள்ளே 28 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு. ஒரு கன மீட்டருக்கு மீதி இடம் 5.4 கிராம். மொத்த அறைக்கும் சேர்த்து 130 கிராம். கிட்டத்தட்ட அரை டம்ளர்.

துணியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது? மெஷின் நன்றாகப் பிழிந்த பிறகும், நான்கு கிலோ துணியில் இரண்டு லிட்டர் தண்ணீர் எளிதாகத் தங்கும்.

அதாவது 2,000 கிராமில் 130 கிராம் போன உடனே அறை நிறைந்துவிட்டது. மூடிய அறையில் மின்விசிறி முதல் கொஞ்ச நேரம் நல்லா உதவும். அதன் பிறகு நிறைந்துபோன காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். எல்லாத் துணியும் காய வேண்டுமென்றால் அந்த அறையின் காற்று குறைந்தது பதினைந்து தடவை முழுசாக மாற வேண்டும். உண்மையில் அதைவிடக் கூடுதலாகவே வேண்டும், ஏனென்றால் வெளியேறும் காற்று ஒவ்வொரு முறையும் முழுசாக நிறைந்திருக்காது. மூடிய ஜன்னலின் இடுக்கு வழியாக இதெல்லாம் ஓர் இரவில் நடக்காது.

அப்போ மழை பெய்யும்போது ஜன்னலைத் திறந்தா ஈரக் காத்து உள்ளே வந்துடாதா? நியாயமான கேள்வி. வெளியே 24 டிகிரியில் இருக்கும் காற்றில் 20.7 கிராம் நீராவி. அது அறைக்குள் வந்து 28 டிகிரிக்குச் சூடானால், இருக்கக்கூடிய உச்சம் 27.2 கிராமாக உயர்ந்துவிடும். ஈரப்பதம் 76 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். ஈரத் துணியால் 95 விழுக்காட்டைத் தொட்டுவிட்ட அறைக் காற்றைவிட இது எவ்வளவோ மேல். ஆகவே சாரல் உள்ளே அடிக்காத பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்து, மின்விசிறி துணி மேல் பட்டு ஜன்னல் பக்கம் போகும்படி திருப்பி வையுங்கள். மழை நாளிலும் இது பயன்படும்.

குளிர்சாதனம் இருந்தால் விஷயம் வேறு. அது காற்றைக் குளிரவைக்கும்போது நீராவியில் ஒரு பகுதியைத் தண்ணீராக்கி வெளியே விடுகிறது. வெளியே குழாயில் சொட்டுகிறதே, அந்தத் தண்ணீர். துணி தொங்கும் அறையில் ஓடினால், அதில் ஒரு பங்கு உங்கள் சட்டையிலிருந்து போனது. அறை 24 டிகிரி, 55 விழுக்காடு என்று வந்தால் காற்றில் 12 கிராம் நீராவிதான் மிஞ்சும். அப்போது ஜன்னலைத் திறக்கக் கூடாது.

மூலைக்கு மூலை இருக்கும் ‘டோபி லாயான் டிரி’ கடைகளின் உலர்த்தி என்ன மாயம் செய்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பெரும்பாலானவை காற்றிலிருந்து ஈரத்தை எடுப்பதே இல்லை. அதே ஜொகூர் காற்றைத்தான் இழுக்கின்றன, 60 டிகிரிவாக்கில் சூடாக்குகின்றன. 60 டிகிரியில் ஒரு கன மீட்டரில் 130 கிராம் நீராவி இருக்க முடியும். இருப்பதோ 20 கிராமுக்கும் கீழே. ஈரப்பதம் சுமார் 15 விழுக்காட்டுக்கு விழுந்துவிடும். வெளியே கொட்டும் மழையானாலும், உருளைக்குள் பாலைவனம். கூடவே துணியைப் புரட்டிப் புரட்டிக் காற்றும் அடிக்கிறது. நீராவியைக் குழாய் வழியாகக் கடைக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

வாடை எங்கிருந்து வருது?

மெதுவாகக் காய்வது வெறும் எரிச்சல் மட்டும் அல்ல. மழைக்காலத் துணியில் வரும் அந்தப் புளித்த வாடைக்கு ஆள் கண்டுபிடித்தாயிற்று. 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாவை அடையாளம் காட்டினார்கள். துணியில் தங்கிவிட்ட வியர்வையையும் தோல் எண்ணெயையும் உண்டு, நாற்றமடிக்கும் ஓர் அமிலத்தை அது வெளியிடுகிறது. துணி சீக்கிரம் காய்ந்தால் அது பெருக நேரம் கிடைப்பதில்லை. இருபது மணி நேரம் ஈரமாகவே இருந்தால் அதற்குக் கொண்டாட்டம்தான்.

அறையின் கதை இன்னும் கவலைக்குரியது. துணியை விட்டுப் போன இரண்டு லிட்டர் தண்ணீர் எங்காவது போக வேண்டுமே. ஜன்னல் மூடியிருந்தால் சுவர், அலமாரியின் பின்பக்கம், மெத்தை என்று போய்ச் சேரும். அங்கே பூஞ்சை பிடிக்கும். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு மூச்சுத் தொல்லைகளும் ஆஸ்துமாவும் வரும் அபாயம் கூடுதல் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை தூங்கும் அறையைத் துணி காயவைக்கத் தேர்ந்தெடுக்காதீர்கள். காற்று வந்து போகும் கூடம் பரவாயில்லை.

தொட்டுப் பார்த்தா தெரியாதா?

துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க எல்லோரும் செய்வது ஒன்றுதான்: தொட்டுப் பார்ப்பது. சில்லென்று இருந்தால் ஈரம், இல்லையென்றால் காய்ந்தது. மழை நாளில் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும்.

ஈரத் துணி சில்லென்று இருப்பதற்குக் காரணம், ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதுதான். 32 டிகிரி, 60 விழுக்காடு நிலையில், நிழலில் காற்றோட்டமாகத் தொங்கும் ஈரத் துணியின் வெப்பநிலை 26 டிகிரிக்கு அருகே இறங்கிவிடும். காற்றைவிட ஆறு டிகிரி குளிர்ச்சி, கை உடனே கண்டுபிடிக்கும். 24 டிகிரி, 95 விழுக்காட்டில் வித்தியாசம் அரை டிகிரிதான். காய்ந்த துணியும் கொஞ்சம் ஈரமான துணியும் கைக்கு ஒரே மாதிரி இருக்கும். நம்பி மடித்து அலமாரியில் வைத்தால் இரண்டு நாளில் வாடை வந்துவிடும்.

அப்படிப்பட்ட நாளில் எடைதான் நம்பகமானது. வீட்டில் சமையல் தராசு இருந்தால், நல்ல வெயிலில் முழுசாகக் காய்ந்த ஒரு துண்டை எடை போட்டுக் குறித்து வையுங்கள். மழை நாளில் அதே துண்டைப் போட்டுப் பாருங்கள். எண் மணிக்கு மணி இறங்குகிறதா, நின்றுவிட்டதா என்று தெரிந்துவிடும். தராசு இல்லையென்றால், துணியின் நடுவைத் தொடாமல் தையல், இடுப்புப்பட்டி, பாக்கெட், காலர் ஆகிய இடங்களைத் தொடுங்கள். கடைசியாகக் காய்வது அவைதான்.

ஜீன்ஸ் ஏன் அவ்வளவு பிடிவாதம் செய்கிறது என்பதற்கும் காரணம் அங்கேதான். ஆரம்பத்தில் நீர் மேற்பரப்பில் இருக்கிறது, காற்று அடித்தால் வேகமாகப் போகும். மேற்பரப்பு காய்ந்த பிறகு, உள்ளே இருக்கும் நீர் தடித்த நூல்களுக்கு நடுவே ஊர்ந்து வெளியே வர வேண்டும். அந்தக் கட்டத்தில் புயலே அடித்தாலும் பெரிதாக உதவாது. வெப்பம்தான் உதவும். இடுப்புப் பக்கத்தை மேலாக, நாலு கிளிப் போட்டு வாய் திறந்த மாதிரி தொங்கவிட்டு, பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டால், ஊர வேண்டிய தூரம் பாதியாகும்.

பருத்திக்கு இன்னும் ஒரு குணம் உண்டு. அது ஒருபோதும் முழுசாகக் காய்வதில்லை. சாதாரண நாளில்கூடத் தன் எடையில் சுமார் 8 விழுக்காடு நீரைக் காற்றிலிருந்து பிடித்து வைத்திருக்கும். ஈரப்பதம் 90 விழுக்காட்டை நெருங்கினால் அந்த அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்ட துணி அது, இன்னும் ஒரு நாள் தொங்கவிட்டாலும் அதற்கு மேல் காயாது. பாலியெஸ்டர் நூல் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் நீரைப் பிடிக்கிறது. அதனால்தான் பள்ளிச் சீருடையில் பாலியெஸ்டர் கலந்த சட்டை காய்ந்துவிட, பருத்தி உள்பனியன் மட்டும் நமநமவென்று இருக்கும். அந்தக் கடைசி ஈரத்துக்கு இஸ்திரிப் பெட்டி போதும். தேய்த்த கையோடு மடிக்காமல், ஐந்து நிமிடம் ஹேங்கரில் மாட்டி நீராவியை வெளியே விட்டுவிடுங்கள்.